சளி போல வந்தது, தலையும் இறங்கிவிட்டது: பிரசவத்துக்கு இன்னும் எத்தனை நாள்?

விடிகாலை 5.40-க்கு வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. டிஷ்யூ பேப்பர்மேல் கற்றாழைச் சோறு மாதிரி வழுவழுப்பாக ஒரு கட்டி, அதன் ஓரத்தில் பழுப்பு நிறத்தில் மெல்லிய இழை. படத்துக்குக் கீழே, "அக்கா, பாத்ரூம் போனப்ப வந்துச்சு. இது என்ன? அம்மாகிட்ட இன்னும் சொல்லல."

அனுப்பியது என் சித்தி மகள். முதல் பிரசவம், 38 வாரம் முடிந்து 2 நாள் ஆகியிருந்தது. பிரசவ வார்டில் செவிலியராக இருப்பதால் இந்த மாதிரிப் படங்கள் எனக்குப் புதிதல்ல. கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதுகூட வந்திருக்கின்றன.

மூன்று விஷயம் கேட்டேன். தண்ணீர் மாதிரி ஏதாவது விடாமல் கசிகிறதா? சிவப்பாக ரத்தம் போகிறதா? குழந்தை எப்போதும்போல அசைகிறதா? முதல் இரண்டும் இல்லை, குழந்தை நன்றாக அசைகிறது என்றாள். "அப்ப பல்லு விளக்கிட்டு இட்லி சாப்பிடு. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம்" என்றேன். அன்று செவ்வாய்க்கிழமை. குழந்தை பிறந்தது ஞாயிற்றுக்கிழமை மதியம்.

அவள் பேப்பரில் பார்த்ததைத் தமிழில் சளி அடைப்பு எனலாம். டாக்டர்கள் மியூகஸ் பிளக் என்பார்கள். கர்ப்பப்பையின் அடிப்பகுதி குறுகி, ஒரு குழாய் மாதிரி நீண்டு முடிகிறது. அதுதான் கர்ப்பப்பை வாய். சாதாரணமாக 3 முதல் 4 செ.மீ. நீளம் இருக்கும், தொட்டால் மூக்கு நுனி போல விறைப்பாக இருக்கும். கரு தங்கியதும் அந்த வாயின் உட்புறச் சுரப்பிகள் கெட்டியான சளியைச் சுரக்க ஆரம்பித்து, பாட்டிலுக்குத் தக்கை அடைத்ததுபோல வழியை அடைத்துவிடும். வெறும் அடைப்பு மட்டுமல்ல, கிருமிகளைத் தடுக்கும் புரதங்களும் அந்தச் சளியில் உண்டு. வெளியிலிருந்து கிருமி மேலே ஏறாமல் ஒன்பது மாதமும் அது காவல் இருக்கிறது.

பிரசவம் நெருங்கும்போது அந்த விறைப்பான வாய் இளகத் தொடங்குகிறது. மூக்கு நுனி மாதிரி இருந்தது உதடு மாதிரி மிருதுவாகும், நீளம் குறையும், மெல்லத் திறக்கும். சுவரே நெகிழ்ந்தபிறகு தக்கை எங்கே நிற்கும்? கழன்று வந்துவிடுகிறது. மொத்தமாக வந்தால் இரண்டு மூன்று டீஸ்பூன் அளவு இருக்கலாம். நிறைய பேருக்கு அப்படி ஒரே கட்டியாக வராது. இரண்டு மூன்று நாள் கொஞ்சம் கொஞ்சமாக, வெண்டைக்காய் நறுக்கிய கத்தியில் ஒட்டும் பிசுபிசுப்புப் போல வந்து போகும். சிலர் கழிப்பறையில் கவனிக்காமலே தண்ணீர் ஊற்றிவிட்டு வந்துவிடுவார்கள். "எனக்கு வரவே இல்லையே" என்று கவலைப்பட ஒன்றுமில்லை.

நிறம் நிறமற்ற ஜெல்லி போலவும் இருக்கலாம், வெள்ளை, இளமஞ்சள், இளஞ்சிவப்பு, பழுப்பு என்றும் இருக்கலாம். அந்தச் சிவப்பும் பழுப்பும் எங்கிருந்து வருகின்றன என்றால், வாய் இளகி விரியும்போது அதன் மேல்புறத்து நுண்ணிய ரத்தக்குழாய்கள் அறுந்து இரண்டு சொட்டு ரத்தம் சளியோடு கலக்கிறது. பழைய ரத்தம் என்றால் பழுப்பு, புதியது என்றால் சிவப்புக் கோடு. அதுவரை சரி. ஆனால் சளியோடு கலந்த ரத்தம் வேறு, ரத்தமே தனியாகப் போவது வேறு. மாதவிலக்கு மாதிரி நாப்கின் நனையும் அளவுக்குச் சிவப்பு ரத்தம் போனால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதைச் "சளி அடைப்பு வந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது. நஞ்சுக்கொடி கீழே கர்ப்பப்பை வாயை மறைத்தபடி இருந்தால் வலியே இல்லாமல் ரத்தம் கொட்டும். நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்தால் வயிறு பலகை மாதிரி இறுகி வலிக்கும். இரண்டுமே நிமிடக் கணக்கில் ஓட வேண்டியவை.

சித்தி மகளுக்கு இன்னொரு பயம். "அடைப்பு போயிடுச்சுன்னா குழந்தைக்குக் கிருமி தொத்திடாதா?" நியாயமான கேள்விதான். ஆனால் குழந்தையைச் சுற்றிப் பனிக்குடம் இன்னும் முழுசாக இருக்கிறது, கர்ப்பப்பை வாயும் சளியைச் சுரப்பதை நிறுத்தவில்லை. குளிக்கலாம், நடக்கலாம், வழக்கமான வேலை செய்யலாம். தாம்பத்தியம் பற்றிக் கேட்கக் கூச்சப்பட்டுக் கேட்காமலே போகிறவர்கள் பலர். பனிக்குடம் உடையாமல், ரத்தம் போகாமல், டாக்டர் வேண்டாம் என்று சொல்லாமல் இருந்தால் அதற்கும் தடையில்லை. உறவுக்குப் பிறகோ, டாக்டர் உள்பரிசோதனை செய்தபிறகோ இந்த மாதிரிச் சளியும் பழுப்புக் கறையும் வரும், அதை மட்டும் வைத்துப் பிரசவம் தொடங்கிவிட்டது என்று கணக்குப் போட வேண்டாம்.

சளி வந்த அன்றே வலி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வாரம் கழித்து வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். கர்ப்பப்பை வாய் மாற ஆரம்பித்துவிட்டது என்பதைத்தான் அது காட்டுகிறது, எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதை அல்ல. ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும். 37 வாரம் முடியும் முன்னால் இப்படிச் சளி வந்தால், வலியே இல்லாவிட்டாலும் அன்றே போய்க் காட்ட வேண்டும். குறைமாதப் பிரசவம் தொடங்குகிறதா என்று பார்ப்பார்கள். தேவைப்பட்டால் குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கான ஊசி போடுவார்கள், அந்த ஊசி வேலை செய்ய நேரம் வேண்டும்.

இனி தலை. செவ்வாய்க்கிழமைக்கு 10 நாள் முன்னாலேயே சித்தி போனில் அறிவித்துவிட்டார்: "வயிறு எறங்கிடுச்சுடி. நாளைக்கோ நாளன்னிக்கோ வலி வந்துடும் பாரு." வயிறு இறங்கியது உண்மை. நாளைக்கு வலி வரும் என்பதுதான் தவறு.

36-வது வாரம் வாக்கில் கர்ப்பப்பையின் உச்சி நெஞ்சுக்குழியைத் தொட்டுக்கொண்டிருக்கும். கொஞ்சம் சாப்பிட்டாலே நெஞ்செரிச்சல், மாடி ஏறினால் மூச்சிரைப்பு. அதன்பிறகு குழந்தையின் தலை இடுப்பெலும்பு வளையத்துக்குள் இறங்கும்போது மொத்தக் கர்ப்பப்பையும் சரிந்து கீழே வருகிறது. மேலே இடம் கிடைக்கும், மூச்சு லேசாகும், ஒரு முழுத் தோசை சாப்பிட முடியும். கீழே நெருக்கடி தொடங்கும். சிறுநீர்ப்பை நசுங்குவதால் மணிக்கு ஒருமுறை எழுந்து போக வேண்டும். நடை வாத்து நடையாகும். தலை அழுத்துவதால் தொடையிடுக்கில் ஷாக் அடித்த மாதிரி சுரீரென்று ஒரு வலி வந்து உடனே மறையும். வார்டில் இதைச் சொல்லும்போது சிலர் அழுதேவிடுவார்கள், அவ்வளவு திடீரென்று வரும். அது பிரசவ வலி அல்ல.

முதல் பிரசவத்தில் தலை இப்படி இறங்குவது பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரம் முன்னாலேயே நடக்கும். அதனால்தான் சித்தி சொன்ன நாளில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது பிள்ளைக்கு வலி எடுத்தபிறகுதான் தலை இறங்கும் என்பதும் சகஜம். வயிறு இறங்கவே இல்லையே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே வலி வந்துவிடும்.

செக்கப்பில் நாங்கள் கண்ணால் பார்த்து இதை முடிவு செய்வதில்லை. தாயைப் படுக்க வைத்து, இடுப்பெலும்புக்கு மேலே இரண்டு கையாலும் தலையைத் தடவிப் பார்ப்போம். தலையை ஐந்து விரல் அகலமுள்ள ஒரு உருண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து விரலுக்கும் தட்டுப்பட்டால் தலை முழுக்க மேலே மிதக்கிறது, பக்கவாட்டில் தள்ளினால் அசையும். இறங்க இறங்க விரல்கள் ஒவ்வொன்றாகத் தலையை இழக்கும். இரண்டு விரலுக்கு மட்டும் தட்டுப்பட்டால், தலையின் அகலமான பகுதி, அதாவது சுமார் 9.5 செ.மீ. உள்ள பகுதி, வளையத்தைத் தாண்டிவிட்டது. அப்போதுதான் "தலை பொருந்திவிட்டது" என்று அட்டையில் எழுதுவோம். என் தங்கைக்கு 36-வது வாரம் 5-ல் 4 என்று இருந்தது, 38-வது வாரம் 5-ல் 2.

இதில் ஏன் இவ்வளவு கவனம்? பனிக்குடம் உடையும்போது தலை எங்கே இருக்கிறது என்பது முக்கியம். தலை வளையத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தால், தண்ணீர் வெளியேறினாலும் பக்கத்தில் வேறெதுவும் நழுவ இடமில்லை. தலை மேலே மிதந்துகொண்டிருந்தால், கொட்டும் தண்ணீரோடு தொப்புள்கொடி தலையை முந்திக் கீழே வந்துவிடலாம். பின்னால் வரும் தலை கொடியை நசுக்கினால் குழந்தைக்கு ரத்த ஓட்டம் நின்றுவிடும். அடிக்கடி நடப்பதில்லை, ஆனால் நடந்தால் மிக அவசரம். ஆகவே கடைசி செக்கப்பில் "தலை எவ்வளவு இறங்கியிருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் இறங்கவில்லை என்றால், அல்லது குழந்தை குறுக்காகவோ கால் கீழாகவோ இருந்தால், பனிக்குடம் உடைந்த அந்த நிமிடமே பக்கவாட்டில் படுத்துவிட்டு 108-ஐ அழையுங்கள், நடந்து வண்டி பிடிக்கப் போக வேண்டாம். கொடி மாதிரி ஏதாவது வெளியே தெரிந்தால் அதைத் தொட்டு உள்ளே தள்ளாமல், முழங்காலிட்டு, தலையைத் தரையில் வைத்து, இடுப்பை உயர்த்தியபடி ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க வேண்டும்.

முதல் பிரசவத்தில் 38, 39 வாரமாகியும் தலை பொருந்தவில்லை என்றால் டாக்டர் காரணம் தேடுவார். நஞ்சுக்கொடி கீழே இருக்கலாம், பனிநீர் அதிகமாக இருக்கலாம், குழந்தையின் முதுகு தாயின் முதுகுப் பக்கம் திரும்பியிருக்கலாம், வாரக் கணக்கே தப்பாக இருக்கலாம். சிலசமயம் சிறுநீர்ப்பை நிறைந்திருப்பதாலேயே தலை மேலே நிற்பதுபோலத் தெரியும், போய்விட்டு வரச் சொல்லி மறுபடி பார்ப்போம். தலை ஏறி நிற்கிறது என்றவுடனே சிசேரியன்தான் என்று வீட்டில் முடிவு கட்டிவிடாதீர்கள். வலி வந்தபிறகு சரசரவென்று இறங்கிய தலைகள் எத்தனையோ.

புதன்கிழமை ராத்திரி 9.15-க்குத் தங்கைக்கு அடிவயிறு இறுகியது. நோட்டில் நேரத்தைக் குறிக்கச் சொன்னேன். 9.15, 9.22, 9.50, 9.58, பிறகு 10.40. இடைவெளிகளைப் பாருங்கள்: 7 நிமிடம், 28, 8, 42. ஒழுங்கே இல்லை. சித்தி சீரகத்தைக் கொதிக்க வைத்துக் கொடுத்தார். சூட்டு வலி என்றால் சீரகத் தண்ணீரில் அடங்கிவிடும், நிஜ வலி என்றால் அதிகமாகும் என்பது நம் வீடுகளில் உள்ள பழைய கணக்கு. அடங்கிவிட்டது. நிஜப் பிரசவ வலியைச் சீரகம் நிறுத்தாது. வெதுவெதுப்பாக ஏதாவது குடித்து, சிறுநீர் கழித்துவிட்டு, சாய்ந்து படுத்தால் பொய் வலி தணியும், பிரசவ வலி தணியாது. அந்த அளவில் பாட்டிமார்களின் சோதனை சரியாகவே வேலை செய்கிறது. 37 வாரம் ஆகாதவர்கள் மட்டும் இந்தச் சோதனையில் நேரம் கடத்தக் கூடாது.

வியாழக்கிழமை வழக்கமான செக்கப். உள்பரிசோதனை செய்த டாக்டர் "ஒரு விரல் திறந்திருக்கு, வாய் நல்லா இளகியிருக்கு, வலி வந்ததும் வாங்க" என்று அனுப்பிவிட்டார். ஒரு விரல் என்றால் ஒன்று, ஒன்றரை செ.மீ. முழுசாகத் திறக்க 10 செ.மீ. ஆக வேண்டும். முதல் பிரசவத்தில் ஒரு விரல் திறந்தபடியே ஒரு வாரத்துக்கு மேல் நடமாடுகிறவர்கள் உண்டு. வீட்டுக்கு வந்ததும் மறுபடி பழுப்புச் சளி, மறுபடி எனக்கு ஒரு படம். பரிசோதனைக்குப் பிறகு வருவது அது என்று சொன்னேன்.

வெள்ளிக்கிழமை இரண்டு மூன்று தடவை வயிற்றோட்டம் மாதிரி போனது, இடுப்பு கடுத்தது. பிரசவத்துக்கு முன்னால் பலருக்கு இப்படி ஆகும். முந்தின நாள் சாப்பிட்ட பிரியாணியாலும் ஆகும். இதற்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை.

சனிக்கிழமை ராத்திரி நோட்டு வேறு மாதிரி பேசியது. 11.05, 11.19, 11.31, 11.46. ஒவ்வொன்றும் அரை நிமிடம்தான் நீடித்தது. ஆனால் இடைவெளி 14, 12, 15 என்று ஒரு ஒழுங்குக்கு வந்திருந்தது. வலி முதுகின் அடியில் தொடங்கி இடுப்பைச் சுற்றி முன்னால் வந்தது, படுத்தாலும் நடந்தாலும் தணியவில்லை. அதிகாலை 2 மணிக்கு 2.02, 2.10, 2.17, 2.25, நீளம் முக்கால் நிமிடம். மூன்றரைக்கு 3.31, 3.36, 3.41, 3.45, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், வலிக்கும்போது பேச முடியவில்லை. நேரம் குறிக்கும்போது பலரும் செய்கிற தவறு, ஒரு வலி முடிந்ததிலிருந்து அடுத்தது தொடங்கும்வரை எண்ணுவது. ஒரு வலியின் தொடக்கத்திலிருந்து அடுத்த வலியின் தொடக்கம்வரை எண்ண வேண்டும்.

முதல் பிரசவத்துக்கு நாங்கள் சொல்லும் அளவு, 5 நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம். அவள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி அரை மணி நேரம்தான், நாலரைக்குக் கிளம்பினார்கள். மலைக்கிராமத்திலோ, பஸ் இல்லாத ஊரிலோ இருப்பவர்கள் இந்தக் கணக்கை நம்பிக் காத்திருக்கக் கூடாது, வலி ஒழுங்குக்கு வந்ததுமே கிளம்ப வேண்டும். போனபோது 4 செ.மீ. திறந்திருந்தது. பனிக்குடம் காலை 10.20-க்கு வார்டிலேயே உடைந்தது. தண்ணீர் தெளிவாக இருந்தது. மதியம் 1.50-க்குப் பெண் குழந்தை, 2.9 கிலோ.

அவளுக்குப் பனிக்குடம் வலிக்கு நடுவில் உடைந்தது. பத்தில் ஒருவருக்கு வலி வரும் முன்பே வீட்டில் உடையும். எப்போதும் சினிமாவில் வருவதுபோல் தரை நனையக் கொட்டாது, உள்ளாடை ஈரமாகும் அளவுக்குச் சொட்டிக்கொண்டும் இருக்கும். சிறுநீரா, பனிநீரா என்று சந்தேகமாக இருந்தால், சிறுநீர் கழித்துவிட்டு ஒரு சுத்தமான நாப்கின் வைத்து அரை மணி நேரம் படுங்கள். எழுந்து நிற்கும்போது திரும்பச் சளக்கென்று வந்து நாப்கின் நனைந்தால், சிறுநீர் வாடையும் இல்லையென்றால், பெரும்பாலும் பனிநீர்தான். சளி அடைப்பு பிசுபிசுத்து ஓரிடத்தில் நிற்கும், பனிநீர் தண்ணீராக ஓடிப் பரவும். வலி இல்லாவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரி போக வேண்டும், அதற்குப்பின் உறவும் கூடாது, உள்ளே எதையும் வைக்கவும் கூடாது. தண்ணீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது, உடனே கிளம்புங்கள்.

இன்னொன்றையும் சித்தி சொன்னார், பல வீடுகளில் சொல்கிறார்கள்: "பொறக்கப் போற நேரத்துல குழந்தை அசையாம இருக்கும்." அப்படியில்லை. தலை பொருந்தியபிறகு உதையின் தன்மை மாறலாம், புரளுவது போலத் தோன்றலாம், ஆனால் எண்ணிக்கை குறையக் கூடாது. அசைவு குறைந்தால், சளி வந்திருந்தாலும் வராவிட்டாலும், தலை இறங்கியிருந்தாலும் இறங்காவிட்டாலும், இரவானாலும் போய்க் காட்ட வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட வேண்டாம்.

இரண்டாவது பிள்ளை என்றால் மேலே சொன்ன நேரக் கணக்கெல்லாம் சுருங்கும். கர்ப்பப்பை வாய் ஏற்கெனவே ஒருமுறை திறந்து பழகியது, இளகுவதும் திறப்பதும் ஒரே நேரத்தில் நடக்கும். 10 நிமிடத்துக்கு ஒரு வலி ஒழுங்காக வந்தாலே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.